இளம் வயதில் பிரஷர், பொட்டாசியம் குறைவு: லிடில் நோய் உள்ள வீட்டுக்குச் சில குறிப்புகள்

சிறுநீரகக் குழாய்களின் கடைசிப் பகுதியில், சிறுநீரோடு போகவிருக்கும் சோடியத்தை மீண்டும் ரத்தத்துக்கு எடுத்துக்கொள்ளும் நுண்ணிய வழிகள் உண்டு. எத்தனை வழிகள் திறந்திருக்க வேண்டும் என்பதை முக்கியமாக ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் தீர்மானிக்கும். வேலை முடிந்த வழிகளை செல் உள்ளே இழுத்து அழித்துவிடும். லிடில் நோயில் மரபணுக் கோளாறால் அந்த அழிப்பு நடப்பதில்லை. மூட மறந்த குழாய் போல உப்பு ரத்தத்துக்குள் வந்துகொண்டே இருக்கும். பிரஷர் ஏறும், பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறும். உடலில் உப்பு மிதமிஞ்சி இருப்பதால் ரெனினும் ஆல்டோஸ்டீரோனும் சுரப்பதே குறைந்துவிடும். அரிய நோய்தான். ஆனால் கண்டுபிடித்துவிட்டால் நன்றாகக் கட்டுப்படும் என்பதால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

1. பதின்ம வயதிலோ இருபதுகளிலோ பிரஷர் கூடுதலாக இருந்து, அப்பா, அத்தை, தாத்தா என்று ஒரே வழியில் பலருக்கும் இளமையிலேயே பிரஷரோ பக்கவாதமோ வந்திருந்தால், ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள். கால் அசதி, கெண்டைக்கால் பிடிப்பு, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது ஆகியவை பொட்டாசியம் குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். இந்த நோய் உள்ள சிலருக்குப் பொட்டாசியம் சரியான அளவிலேயே இருக்கும். அதனால் அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து சந்தேகத்தைக் கைவிட வேண்டாம்.

2. ரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கி மூடி மூடித் திறக்காதீர்கள். அப்படிச் செய்தால் தசையிலிருந்து பொட்டாசியம் கசிந்து, உண்மையில் குறைவாக இருப்பது சரியாக இருப்பதுபோல ரிப்போர்ட்டில் தெரியும். கட்டிய பட்டை நெடுநேரம் இறுக்கமாக இருந்தாலும் இதே கதைதான். சாப்பிட்டுவரும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். பிரஷர் மாத்திரைகள் பல ரெனின் அளவை ஏற்றியோ இறக்கியோ காட்டும். எதை, எத்தனை நாள் நிறுத்துவது என்று டாக்டர் சொல்லட்டும்.

3. ரிப்போர்ட்டில் ரெனினையும் ஆல்டோஸ்டீரோனையும் சேர்த்தே படிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 17 வயதுப் பையன் ஒருவனுக்கு பிரஷர் 170/110, பொட்டாசியம் 2.9, பைகார்பனேட் 31 என்று வைத்துக்கொள்வோம். முதலில் எழும் சந்தேகம், அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டீரோனை அதிகமாகச் சுரக்கிறது என்பது. அப்படியானால் ரெனின் குறைந்து, ஆல்டோஸ்டீரோன் உயர்ந்திருக்க வேண்டும். இரண்டும் உயர்ந்திருந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்தப் பையனுக்கோ இரண்டுமே தரையில் கிடக்கின்றன. ஆல்டோஸ்டீரோன் இல்லாமலேயே அது மிகுந்ததுபோன்ற படம். லிடில் நோய் நினைவுக்கு வர வேண்டிய இடம் இதுதான். இதே படத்தைத் தரும் வேறு சில ஹார்மோன் கோளாறுகளும் இருப்பதால், மரபணுப் பரிசோதனைதான் முடிவைச் சொல்லும்.

4. அந்தப் பரிசோதனைக்கு முன் வீட்டு அஞ்சறைப் பெட்டியைப் பாருங்கள். தொடர்ந்து அதிக அளவில் அதிமதுரம் சாப்பிட்டாலும் பிரஷர் ஏறி, பொட்டாசியமும் ரெனினும் ஆல்டோஸ்டீரோனும் இறங்கும். இருமலுக்குப் போடும் கஷாயம், சூரணம், வாயில் அடக்கும் துண்டு எல்லாமே கணக்கில் சேரும். நிறுத்திய பிறகும் சில வாரங்கள் அதன் விளைவு நீடிக்கலாம். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பெரிய செலவொன்று மிச்சமாகலாம்.

5. மாத்திரையில்தான் இந்த நோயின் தனித்தன்மை தெரியும். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் டாக்டர் கிராண்ட் லிடிலும் உடன் பணியாற்றியவர்களும் 1963-இல் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். 16 வயதுப் பெண்ணுக்கும் உடன்பிறந்தோருக்கும் கடும் பிரஷர், பொட்டாசியம் குறைவு. ஆல்டோஸ்டீரோனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் கொடுத்தும் பலன் இல்லை. தடுப்பதற்கு அங்கே ஆல்டோஸ்டீரோனே இல்லையே! சோடியம் வழியையே நேரடியாக அடைக்கும் டிரையாம்டெரீன் கொடுத்து, உப்பையும் குறைத்ததும் பிரஷர் இறங்கியது, பொட்டாசியம் ஏறியது. இன்று அதே வேலையைச் செய்யும் அமிலோரைடு பெரிதும் பயன்படுகிறது. கடையில் வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் படியுங்கள். அமிலோரைடை ஃபுரோசெமைடு போன்ற, பொட்டாசியத்தை வெளியேற்றும் மருந்தோடு சேர்த்தும் விற்கிறார்கள். டாக்டர் எழுதியது தனி அமிலோரைடா, கூட்டு மாத்திரையா என்று கேட்டுக்கொண்ட பிறகே வாங்குங்கள்.

6. உப்பைக் குறைக்காவிட்டால் அந்த மாத்திரையும் சரியாக வேலை செய்யாது. உப்பு கூடக் கூட, வழியில் சோடியத்தின் நெரிசல் கூடி, மருந்தின் பிடி தளரும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு சின்னக் கரண்டிக்கும் கீழே. வீட்டில் கணக்கிட எளிய வழி, உப்புப் பாக்கெட்டைப் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதுவது. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ 30 நாளில் தீர்ந்தால், தலைக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், கடை மிக்ஸர் இந்தக் கணக்கில் வரவே இல்லை. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சோடியம்தான். ஆப்பத்துக்குப் போடும் சமையல் சோடாவும் அப்படியே. வடித்த சோற்றில் உப்புப் போடுவதை நிறுத்துவதும், ஊறுகாயை இலையிலிருந்து எடுப்பதும் நல்ல தொடக்கம். சுவைக்கு எலுமிச்சை, மிளகு, சீரகம் இருக்கின்றன. சந்தேகம் இருந்தால், 24 மணி நேரச் சிறுநீரில் சோடியம் பார்க்கலாம். 5 கிராம் உப்பு என்பது சுமார் 85 மில்லிமோல்.

7. அமிலோரைடு தொடங்கியபின் அபாயம் எதிர்த் திசையில் வரும். இப்போது பொட்டாசியம் ஏறக்கூடும். முன்பு எழுதிக்கொடுத்த பொட்டாசியம் சிரப்பை அப்படியே தொடரலாமா என்று கேளுங்கள். சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பில் ஒரு பகுதி பொட்டாசியம் குளோரைடு. உப்பைக் குறைக்கும் நல்லெண்ணத்தில் அதை வாங்கிவிட வேண்டாம். இளநீரைத் தினமும் குடிப்பதும், உடல் வலிக்கு நீங்களாகவே ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போடுவதும் இதே வகையில் ஆபத்து. வாந்தி, பேதி வந்தால் மாத்திரையைத் தொடர்வதா என்று அன்றே டாக்டரைக் கேளுங்கள். மருந்து தொடங்கிய பிறகும் அளவு மாற்றிய பிறகும் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும்.

8. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. ஆண், பெண் பேதமில்லை. குழந்தையின் கை அளவுக்கேற்ற பட்டையால் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் பட்டையில் அளவு குறைத்துக் காட்டும். இந்த நோய் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு லிடில் பார்த்த அந்தப் பெண்ணே சாட்சி. பிற்காலத்தில் அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்து, 1989-இல் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். அதன்பின் பிரஷரும் பொட்டாசியமும் சீராயின. கோளாறு அட்ரீனலில் இல்லை, சிறுநீரகத்தில்தான் என்பதை அது உறுதிசெய்தது.

9. பர்ஸில் ஒரு சீட்டு வைத்திருங்கள்: லிடில் நோய், அமிலோரைடு எத்தனை மில்லிகிராம், ஸ்பைரனோலாக்டோன் பலன் தராது, கடைசியாகப் பார்த்த பொட்டாசியம் எவ்வளவு, எந்தத் தேதியில். அவசர சிகிச்சைப் பிரிவில் உங்களை முதல்முறை பார்க்கும் டாக்டருக்கு, பேசி விளங்கவைப்பதைவிட இது விரைவாகப் புரியும்.