ஓர் அறிவித்தல், மூன்று கெப்ஷன்

நெளுக்குளத்தில் நடந்த இரத்ததான முகாமுக்கு அறிவித்தல் எழுதினேன். குறுங்காணொளி, படத்தொகுப்பு, வட்ஸ்அப் மூன்றுக்கும் ஒரே கெப்ஷன்தான். அடையாள அட்டை வேண்டும் என்பது படத்தொகுப்பின் மூன்றாம் படத்தில் மட்டுமே இருந்தது. வட்ஸ்அப்பில் வாசித்து வந்த ஒருவர் அட்டையில்லாமல் திரும்பிப்போனார்.

அடுத்த முகாமுக்கு இப்படிப் பிரித்தேன்.

காணொளிக்கு: “ஞாயிறு காலை 9 மணி, நெளுக்குளம். அடையாள அட்டையுடன் வாருங்கள்.” கெப்ஷனின் தொடக்கம் மட்டுமே திரையில் தெரியும், மீதி மறைந்துவிடும்.

படத்தொகுப்புக்கு: “ஞாயிறு இரத்ததானம். நீங்கள் கொடுக்கலாமா? தள்ளிப் பாருங்கள்.” நிபந்தனைகளைப் படங்களே சொல்லும்.

வட்ஸ்அப்புக்கு: “ஞாயிறு காலை 9 மணி, நெளுக்குளம் பொதுநோக்கு மண்டபத்தில் இரத்ததானம். வயது 18–60, நிறை 50 கிலோவுக்கு மேல். அடையாள அட்டை அவசியம்.” இங்கே படம் இல்லை, எழுதாதது வாசிப்பவருக்குத் தெரியாது.