கொழுந்துச் சாற்றில் உப்பின் கணக்கு

சப்பிரகமுவத் தோட்டங்களில் அமோனியம் சல்பேற்று என்றதும் உரச்சாக்குத்தான் நினைவுக்கு வரும். அதே உப்பு ஆய்வுகூடத்தில், கொழுந்தின் சாற்றில் கரைந்திருக்கும் புரதங்களைத் தனித்தனிக் கூறுகளாக வீழ்த்திப் பிரிப்பதற்குப் பயன்படுகிறது. ஸ்டோரில் அரைத்துப் பரப்பிய கொழுந்து செம்பு நிறமாக மாறுவதற்குக் காரணம் பொலிபீனோல் ஒட்சிடேசு என்னும் நொதியம். இலையிலுள்ள கற்றெக்கின்களைக் காற்றின் ஒட்சிசனோடு சேர வைத்துக் கறுப்புத் தேயிலையின் நிறத்தையும் சுவையையும் தோற்றுவிப்பது அதுவே. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஜி. டபிள்யூ. சான்டர்சன், கொழுந்து நுனியிலிருந்து இந்நொதியத்தைக் கரையும் நிலையில் எடுக்கும் முறையை 1964இல் வெளியிட்டார். அந்நிலையத்தின் தாழ்நாட்டுக் கிளை இரத்தினபுரி சென் ஜோக்கிம் தோட்டத்தில் இயங்குகிறது. இலைச்சாற்றிலிருந்து இத்தகைய புரதத்தைப் பிரிக்க முற்படுவோர் முதலில் தடுமாறுவது பெரும்பாலும் நுட்பமான கருவியிலன்று, எத்தனை கிராம் உப்பு இடுவது என்ற எளிய கணக்கில்தான். ஆகவே இக்கட்டுரை அந்தக் கணக்கையும், அதைச் செய்து பழகியவர்களின் அனுபவம் கற்பித்த எச்சரிக்கைகளையும் எடுத்துக்கொள்கிறது.

உப்பு ஏன் புரதத்தை வீழ்த்துகிறது

நீரில் கரைந்துள்ள புரதத்தின் மேற்பரப்பில் நீரை விரும்பும் பகுதிகளும் விரும்பாத பகுதிகளும் உள்ளன; நீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து நிற்கும் வரை ஒரு புரத மூலக்கூறு மற்றொன்றோடு ஒட்டுவதில்லை. உப்பு மிகுதியாகக் கரையும்போது அதன் அயன்கள் நீரைத் தம்பக்கம் இழுத்துக்கொள்வதால், நீரை விரும்பாத பகுதிகள் ஒன்றையொன்று அடைந்து, புரதம் திரண்டு வீழ்படிவாகிறது. எல்லா உப்புகளும் இதை ஒரே வலிமையுடன் செய்வதில்லை என்பதை 1888இல் பிராக் நகரில் முட்டை வெள்ளைக்கருவை வைத்து ஆராய்ந்த ஃபிரான்ஸ் ஹொஃப்மைஸ்டர் காட்டினார். சல்பேற்று அயன் அவ்வரிசையின் வலிய பக்கத்தில் நிற்கிறது. குளிர்ந்த நீரிலும் பெருமளவு கரைவதும், பெரும்பாலான புரதங்களின் வடிவத்தைக் குலைக்காமல் விடுவதும் அமோனியம் சல்பேற்றை மற்ற சல்பேற்றுகளைவிட ஏற்றதாக்குகின்றன. ஒவ்வொரு புரதமும் வெவ்வேறு உப்புச் செறிவில் வீழ்வதால், குறைந்த செறிவில் வேண்டாதவற்றை வீழ்த்தி நீக்கிவிட்டு, பின்னர் செறிவை உயர்த்தி வேண்டியதைப் பிடிக்க இயலும்.

நிரம்பல் விழுக்காடு என்பது என்ன

உப்பின் அளவை இத்துறையில் நிரம்பல் விழுக்காடாகக் குறிப்பிடுவது வழக்கம். அந்த வெப்பநிலையில் இனிமேல் கரையாது என்னும் எல்லையை 100 என்று கொண்டு, கரைசலில் உள்ள செறிவை அதன் பங்காகச் சொல்வதே நிரம்பல் விழுக்காடு ஆகும். இந்த எல்லை வெப்பநிலைக்கு ஏற்ப மாறுகிறது: 0 பாகையில் நிரம்பிய ஒரு லீற்றர் கரைசலில் ஏறக்குறைய 515 கிராம் உப்பும், 25 பாகையில் ஏறக்குறைய 541 கிராம் உப்பும் இருக்கும். ஆகவே பனிக்கட்டியில் வைத்துச் செய்த 30 விழுக்காடும் மேசையில் வைத்துச் செய்த 30 விழுக்காடும் ஒன்றல்ல. ஒரு லீற்றர் சாற்றுக்கு முன்னதற்கு 164 கிராமும் பின்னதற்கு 176 கிராமும் என்று அச்சிட்ட அட்டவணைகள் தருகின்றன. எந்த வெப்பநிலைக்கான அட்டவணை என்று பாராமல் எண்ணை எடுத்துக்கொள்வது இதில் மிகப் பரவலான தவறு.

அதைவிட ஆழமான தவறு, உப்பு இடும்போது கரைசலின் கனவளவு பெருகுவதை மறப்பதில் இருக்கிறது. ஒரு கிராம் அமோனியம் சல்பேற்று கரையும்போது கரைசல் ஏறக்குறைய 0.53 மில்லிலீற்றர் உயர்கிறது. ஒரு லீற்றர் நீரை 0 பாகையில் நிரம்பச் செய்ய 515 அன்றி 700 கிராமுக்குச் சற்று மேலாகத் தேவைப்படுவதும், முடிவில் கரைசல் ஏறக்குறைய 1370 மில்லிலீற்றராக நிற்பதும் இதனாலேயே. S1 விழுக்காட்டில் இருக்கும் ஒரு லீற்றர் கரைசலில் முன்னரே உள்ள உப்போடு புதிதாக இடும் g கிராமைக் கூட்டினால் வரும் தொகை, பெருகிய கனவளவில் S2 விழுக்காட்டுக்கு வேண்டிய உப்புக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று எழுதிச் சுருக்கினால், 0 பாகைக்கு உரிய சூத்திரம் கிடைக்கிறது:

```
g = 515 × (S2 − S1) / (100 − 0.27 × S2)
```

இதில் 0.27 என்பது ஒரு கிராமுக்கான கனவளவு உயர்வை லீற்றரில் எடுத்து 515ஆல் பெருக்கி வந்த திருத்தம். 20 பாகையில் வேலை செய்வோர் 515க்குப் பதிலாக 533ஐயும் 0.27க்குப் பதிலாக 0.3ஐயும் இடுவர். சூத்திரம் தரும் விடை அட்டவணையின் எண்ணிலிருந்து இரண்டு மூன்று விழுக்காடு விலகலாம். அது பெரிதன்று, ஆனால் ஒரு வேலையின் முதற்கட்டத்தை அட்டவணையிலும் அடுத்ததைச் சூத்திரத்திலும் செய்யாமல் இறுதிவரை ஒன்றையே பின்பற்றுவது நல்லது.

ஒரு கொழுந்துச் சாறு, இரண்டு கட்டங்கள்

இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்த கொழுந்தைக் குளிர்ந்த தாங்கற் கரைசலில் அரைத்து, மெல்லிய துணியில் வடித்து, மையநீக்கியில் சுழற்றித் தெளிவாக்கிய 240 மில்லிலீற்றர் சாறு பனிக்கட்டியில் இருப்பதாகக் கொள்வோம். அரைக்கும்போதே கரையாத பொலிவினைல் பொலிபிறோலிடோனையும் அஸ்கோபிக் அமிலத்தையும் சேர்ப்பது இங்கு இன்றியமையாதது. ஏனெனில் முன்னது பொலிபீனோல்களைப் பற்றிக்கொள்கிறது, பின்னது அவை ஒட்சியேற்றமடைவதைத் தாமதப்படுத்துகிறது. இவை இல்லையெனில், தோலைப் பதனிடுவதுபோல் பொலிபீனோல்கள் புரதத்தைப் பிணைத்து இறுக்கிவிட, பின்னர் வரும் உப்புக் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லாமல் போகும்.

முதற்கட்டமாக 0 இலிருந்து 30 விழுக்காட்டுக்கு உயர்த்த, 515ஐ 30ஆல் பெருக்கி 91.9ஆல் வகுத்தால் லீற்றருக்கு 168.1 கிராம் என்று வரும். 240 மில்லிலீற்றருக்கு அது 40.3 கிராம். வீழ்ந்ததைச் சுழற்றி நீக்கிய பின் மேல்திரவத்தை அளவுச்சாடியில் ஊற்றிப் பார்க்கையில் 255 மில்லிலீற்றர் இருந்தால், இரண்டாம் கட்டக் கணக்கு அந்த 255க்கே உரியது. 30 இலிருந்து 75க்கு, 515ஐ 45ஆல் பெருக்கி 79.75ஆல் வகுக்க லீற்றருக்கு 290.6 கிராம், அதாவது இந்தச் சாற்றுக்கு 74.1 கிராம் ஆகிறது. கனவளவுத் திருத்தத்தை விட்டுவிட்டு 515இன் 45 விழுக்காடு என்று மட்டும் கணக்கிட்டவர் 59.1 கிராமை இட்டு நிறுத்துவார்; அப்போது கரைசல் 67 விழுக்காட்டை எட்டியிருக்குமே தவிர 75ஐ எட்டியிராது. வேண்டிய நொதியத்தின் ஒரு பகுதி மேல்திரவத்திலேயே தங்கி, அது கொட்டப்படும்போது அதனோடு போய்விடும். மேல்திரவத்தை முடிவு தெரியும்வரை கொட்டாதிருப்பது என்ற வழக்கம் இத்தகைய இழப்புகளிலிருந்தே பிறந்தது.

30, 75 என்ற எல்லைகளை இங்கு எடுத்துக்காட்டாகவே கொள்ள வேண்டும். உண்மையான எல்லைகளைக் கண்டறிய, அதே சாற்றைப் பத்துப் பத்து மில்லிலீற்றராகப் பல குழாய்களில் எடுத்து, 20 முதல் 80 வரை படிப்படியாக உப்பிட்டுச் சுழற்றி, ஒவ்வொன்றின் மேல்திரவத்திலும் எஞ்சிய நொதியச் செயற்பாட்டைக் கற்றெக்கோல் கரைசல் பழுப்பாகும் வேகத்தால் அளக்கலாம். செயற்பாடு குறையத் தொடங்குவதற்குச் சற்று முன்னுள்ள எண் கீழெல்லையாகவும், முற்றாக மறையும் எண் மேலெல்லையாகவும் அமையும்.

இடும் முறையும் பிழையின் அடையாளங்களும்

நிறுத்த உப்பை ஒரேயடியாகக் கொட்டினால், அது விழுந்த இடத்தில் செறிவு கணநேரம் நிரம்பல் அளவை நெருங்க, 30 விழுக்காட்டில் வீழக் கூடாத புரதமும் அங்கே திரண்டு வீழ்ந்துவிடும். எனவே உப்பை உரலில் நன்கு பொடித்து, மெதுவாகச் சுழலும் சாற்றில் சிறு சிறு அளவாக, முன்னிட்டது கரைந்த பின்னரே அடுத்ததை இட்டு, மொத்தத்தையும் அரைமணி நேரம் போல நீட்டிச் சேர்ப்பது முறை. சாறு முதலில் மங்கலாகி, பின்னர் பாலில் நீர் கலந்ததுபோல் தோன்றி, கடைசியில் நுண்ணிய திரள்களாகப் பிரியும். நுரை எழுந்தால் சுழற்சி மிகை என்று பொருள், ஏனெனில் நுரையின் மேற்பரப்பில் புரதம் வடிவிழக்கிறது. உப்பிட்டு முடித்த பின் இன்னும் அரைமணி நேரம் குளிரில் வைத்த பின்னரே மையநீக்கியில் சுழற்ற வேண்டும். 75 விழுக்காட்டுக் கரைசல் அடர்த்தி மிக்கதாகையால் வீழ்படிவு தயங்கித்தான் படியும். முதற்கட்டத்துக்குப் போதிய சுழற்சி நேரம் இரண்டாம் கட்டத்துக்குப் போதாது.

மழை மிகுந்த இரத்தினபுரியில் திறந்து வைத்த உப்புப் போத்தல் ஈரம் பிடித்துக் கட்டியாகிவிடுகிறது. அந்த ஈரமும் தராசில் உப்பாகவே எண்ணப்படுவதால், மிதமான சூட்டில் உலர்த்தி இறுக மூடி வைத்ததையே நிறுக்க வேண்டும். உரத்துக்கான உப்பு மலிவாகக் கிடைத்தாலும் அதிலுள்ள உலோக மாசுகள் செம்பைக் கொண்ட இந்நொதியத்துக்கு ஒவ்வாதவை. மேலும் இவ்வுப்பு கரைசலைச் சற்று அமிலமாக்குவதால், இடையிடையே அமிலத்தன்மையை அளந்து, ஐதான அமோனியாவால் துளித் துளியாகச் சரிசெய்ய வேண்டும்.

வீழ்படிவு வெளிர் நிறமாக இருந்து சிறிதளவு தாங்கற் கரைசலில் எளிதாகக் கரைந்தால் வேலை நேராகச் சென்றது எனலாம். கடும் பழுப்பாகி, கரைய மறுத்துத் துகளாகவே நின்றால், பிழை உப்பிலன்று, அரைத்தபோது பொலிபீனோல் தடுக்கப்படாததில் இருக்கிறது. கரைத்ததை அரைப்பையாக மட்டும் கூழ்பிரிப்புப் பையில் இட்டுக் கட்டி நீரில் அமிழ்த்த வேண்டும். உள்ளிருக்கும் உப்பு நீரை இழுத்துப் பையை உப்ப வைக்குமாதலால், நிறைய ஊற்றிய பை வெடித்துவிடும். வெளிநீரில் சிறிது எடுத்து ஐதரோகுளோரிக் அமிலம் சேர்த்துப் பேரியம் குளோரைட்டை இடும்போது வெண்மங்கல் தோன்றாத வரை நீரை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். அமிலத்தை விட்டால் தாங்கற் கரைசலின் பொசுபேற்றும் வெண்மையாக வீழ்ந்து, சல்பேற்று இன்னும் இருப்பதாக ஏமாற்றும்.

குறிப்பேட்டில் 'அமோனியம் சல்பேற்று 75%' என்று மட்டும் எழுதப்பட்ட வேலையை மற்றொருவர் திரும்பச் செய்ய இயலாது. வெப்பநிலை, உப்பிடும் முன் அளவுச்சாடியில் கண்ட கனவளவு, தொடக்க விழுக்காடு, இலக்கு விழுக்காடு, உண்மையில் நிறுத்து இட்ட கிராம் ஆகிய ஐந்தும் அருகருகே இருந்தால், நொதியம் எங்கே தவறிப் போனது என்பதை அடுத்த நாளே கணக்கிட்டுக் கண்டுபிடிக்க முடியும்; பத்திரப்படுத்திய மேல்திரவத்தில் குறைந்த உப்பை இட்டு, அதை மீட்கவும் முடியும்.