ஸ்டூலா, செருப்பா, மேட்டா, ஸ்டாக்கிங்ஸா?

கால்வலி என்று மருந்துக்கடையில் போய்க் கேட்டால் ஒரு களிம்பு ட்யூபை எடுத்துக் கொடுப்பார்கள். தடவினால் அன்றைக்குத் தூக்கம் வரும். மறுநாள் மதியம் தாண்டினால் வலி திரும்ப வந்துவிடும். கோவை கிராஸ்கட் ரோட்டில் ஜவுளிக்கடைச் சேலைப் பிரிவில் நிற்பவருக்கும், டவுன்ஹால் பக்கம் மெஸ்ஸில் தோசைக்கல் முன்னால் நிற்பவருக்கும் ஒரே பொருள் கைகொடுக்காது. எந்த இடம், எந்த நேரத்தில் வலிக்கிறது என்று பார்த்த பிறகே காசை எடுக்க வேண்டும்.

காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியிலேயே குதிகால் சுரீரென்று குத்துகிறதா? கொஞ்சம் நடந்ததும் குறைந்து, கடை அடைக்கும் நேரத்தில் மறுபடியும் வருகிறதா? குதிகாலில் தொடங்கி விரல்வரை ஓடும் நார்ப்பட்டை இழுபட்டு நொந்திருக்கலாம். இதற்குச் செருப்புதான் முதல் செலவு. எம்.சி.ஆர். செருப்பு நல்லது. அழுத்தினால் உள்வாங்கி, விட்டால் உடனே எழும்பும் அடிப்பாகம் இருக்க வேண்டும். இரண்டு விரலால் நடுவில் மடித்தால் சப்பாத்தி போல மடிகிற மெல்லிய ரப்பர் செருப்பு வேண்டாம். வெறுங்காலோடு நிற்கச் சொல்லும் கடையாக இருந்தால், குதிகாலில் மாட்டும் சிலிக்கான் உறை ஓரளவு தாங்கும்.

குதிகால் சும்மா இருந்து, சாயங்காலம் கெண்டைக்கால் கனத்துக் கடுக்கிறது என்றால் கதை வேறு. கெண்டைச் சதை சுருங்கும்போதுதான் காலில் இறங்கிய ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. நடப்பவருக்கு இது தானாக நடக்கும். அசையாமல் நிற்பவருக்கு ரத்தம் கணுக்காலில் தேங்கிவிடும். கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பின் மீது கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் நீர் இறங்கியிருக்கிறது. இங்கேதான் முழங்காலுக்குக் கீழ்வரை வரும் இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் பயன்படும். ஆரம்பத்துக்கு 15 முதல் 20 எம்.எம். பாதரச அழுத்தம் உள்ளது போதும்.

இதை வாங்குவதில் ஒரு தப்பு நடக்கிறது. வேலை முடிந்து, வீங்கிய காலோடு போய் அளவு கொடுக்கிறார்கள். காலையில் அது தொளதொளவென்று இருக்கும், வேலையே செய்யாது. கணுக்காலையும் கெண்டைக்காலையும் காலையில் எழுந்ததும் டேப்பால் அளந்து எழுதிக்கொண்டு போக வேண்டும். போடுவதும் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பு. கோவை வெயிலுக்கு அரிக்கிறது என்று மேல் விளிம்பைச் சுருட்டி விட்டால், ரப்பர் பேண்ட் மாட்டினது மாதிரி அங்கேயே இறுக்கிவிடும். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களும், காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் டாக்டரிடம் கேட்காமல் போடக்கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாக வலித்தால் ஸ்டாக்கிங்ஸ் தேடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது ரத்தக்கட்டாக இருக்கலாம்.

இனி மெஸ். தோசை மாஸ்டருக்குப் பெரும்பாலும் இடுப்புதான். நின்றபடி முழங்கையை மடித்தால் அது எந்த உயரமோ, அதற்கு ஒரு சாண் வரை தாழ்வாக வேலை மேடை இருக்கலாம். கல் அதற்கும் கீழே இருந்தால் நாள் முழுக்கக் குனிந்தே நிற்க வேண்டும். எந்தச் செருப்பும் அதைச் சரிசெய்யாது, அடுப்பு ஸ்டாண்டைத்தான் உயர்த்த வேண்டும். அது முடியும்வரை, கீழே நாலைந்து அங்குல உயரத்தில் ஒரு பலகையைப் போட்டு, ஒரு காலை அதில் வைத்து, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கால் மாற்றி நின்றால் இடுப்பு வளைவு தளரும். இருக்கிறதிலேயே மலிவான வழி இதுதான், ஆனால் யாரும் செய்வதில்லை.

ரப்பர் மேட் ஒரே இடத்தில் நிற்பவருக்கு மட்டும். கல்லாவுக்கும் தோசைக்கல்லுக்கும் சரி, பிரிவு முழுக்க நடக்கிற சேல்ஸ் பெண்ணுக்கு வீண். சமையலறைக்கு எண்ணெயும் தண்ணீரும் வடிகிற ஓட்டை மேட்டும், ஓரம் சரிந்த விளிம்பும் வேண்டும். இல்லாவிட்டால் தடுக்கி, கொதிக்கிற சாம்பார் மேலேயே விழ வேண்டியதுதான்.

ஸ்டூலைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம், அது உங்கள் காசில் வாங்க வேண்டிய பொருள் இல்லை. 2018இல் கேரளம் கொண்டுவந்ததைப் போல, 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22ஏ பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லாப் பணியாளருக்கும் இருக்கை வைப்பது முதலாளியின் கடமை. ஆனால் தரையோரம் கிடக்கிற குட்டி முக்காலி வேண்டாம். வாடிக்கையாளர் வந்ததும் அதிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழ வேண்டும், இரண்டு நாளில் உட்காருவதையே விட்டுவிடுவார்கள். கவுன்ட்டர் உயரத்துக்கு ஏற்ற, கால் வைக்கக் கம்பி உள்ள உயரமான ஸ்டூலாகக் கேளுங்கள். வைத்த ஸ்டூலில் உட்காரவே விடவில்லை என்றால், புகார் போக வேண்டிய இடம் தொழிலாளர் துறை.