சீன நண்பரிடம் நம்மை அறிமுகம் செய்துகொள்ள எட்டு வாக்கியங்கள்

நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகன், பொதட்டூர்பேட்டையில் வளர்ந்தவர், வயது முப்பத்து நான்கு. சென்னையில் ஒரு நிறுவனத்தில் கொள்முதல் பிரிவில் வேலை. இயந்திர உதிரிப் பாகங்கள் சீனாவிலிருந்து வருவதால் மாலை நேரத்தில் சீன மொழி படிக்கிறார். தமிழ் கற்க விரும்பும் சீனர் ஒருவரோடு 'மொழிப் பரிமாற்றம்' ஏற்பாடு செய்துகொண்டார். பணம் கிடையாது. அரை மணி நேரம் அவர் மொழி, அரை மணி நேரம் நம் மொழி, பண்டமாற்றுப் போலத்தான். சீனருக்குத் தமிழ் எதற்கு என்று கேட்கலாம். பெய்ஜிங் வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963ஆம் ஆண்டே தொடங்கியது; அதில் பணிபுரிந்த சீனர்கள் கலைமகள் போன்ற தமிழ்ப் பெயர்களைச் சூட்டிக்கொண்டு நல்ல தமிழ் பேசினார்கள். ஆக, இது புதிய ஆசை அல்ல.

முதல் சந்திப்பில் பேசவேண்டிய சுய அறிமுகத்தை அந்தத் தம்பி எழுதி என்னிடம் காட்டினார். இளம் வயதில் சிங்கப்பூரில் மொத்தக் கடையில் சில ஆண்டுகள் இருந்ததால் காதில் விழுந்த சீனம் எனக்குக் கொஞ்சம் உண்டு. சீனாவோடு கொள்முதல் தொடர்பு வைத்திருக்கும் நம் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்பதால் அந்த எட்டு வாக்கியங்களைத் திருத்திய வடிவில் இங்கே தருகிறேன்.

முதலில் ஒலியைப் பற்றிச் சொல்லவேண்டும். மாண்டரின் எனப்படும் பொதுச் சீனத்தில் ஒரே அசையை நான்கு விதமான குரலில் சொன்னால் நான்கு சொல். முதல் குரல் உயரத்தில் ஏறாமல் இறங்காமல் நீளும். இரண்டாவது, காதில் சரியாக விழாதபோது நாம் "ஆ?" என்று கேட்பது போல மேலே ஏறும். மூன்றாவது, சந்தேகத்தோடு "ம்ம்" என்று இழுப்பது போலத் தாழ்ந்து கிடக்கும். நான்காவது, கோபத்தில் "போ!" என்பது போல மேலிருந்து வெட்டென்று விழும். கீழே சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள எண் அந்தக் குரலின் எண். எண் இல்லாத அசையை லேசாகத் தொட்டுவிட்டுப் போகவேண்டும். பெயரைக் குமார் என்று வைத்துக்கொள்வோம்.

நீ3 ஹாவ்3. (வணக்கம்.)
வோ3 ஜியாவ்4 குமார். (என் பெயர் குமார்.)
வோ3 ஷ்ர்4 யின்4தூ4 ரென்2. (நான் இந்தியன்.)
வோ3 ஸாய்4 ஜின்1நாய்4 கோங்1ஸ்வோ4. (நான் சென்னையில் வேலை செய்கிறேன்.)
வோ3 ஜியா1 மாய்4 ஸா2ஹ்வோ4. (எங்கள் வீட்டில் மளிகை விற்கிறோம்.)
வோ3 த ஜோங்1வென்2 பூ4 ஹாவ்3. (என் சீன மொழி நன்றாக இல்லை.)
வோ3 கே3யி3 ஜியாவ்1 நீ3 தாய்4மீ3அர்3 யூ3. (நான் உங்களுக்குத் தமிழ் சொல்லித்தர முடியும்.)
வோ3 ஷ்வோ1 ஸ்வோ4 ல, சிங்3 காவ்4சு வோ3. (நான் தவறாகப் பேசினால் தயவுசெய்து சொல்லுங்கள்.)

இரண்டு மூன்றாம் குரல்கள் அடுத்தடுத்து வந்தால் முன்னது இரண்டாம் குரலாக மாறிவிடும். அதனால் 'நீ3 ஹாவ்3' என்று எழுதினாலும் வாயில் 'நீ2 ஹாவ்3' என்றுதான் வரவேண்டும்.

இனி, தம்பி எழுதிவந்ததில் எங்கெங்கே இடறியது என்று பார்ப்போம். அவருடைய முதல் தாளில் இரண்டாவது வாக்கியத்துக்கு முன்னால் இன்னொன்று இருந்தது: 'வோ3 ஸிங்4' என்று தொடங்கித் தன் தகப்பனார் பெயரைப் போட்டிருந்தார். பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். 'ஸிங்4' என்பது குடும்பப் பெயர். சீனருக்குக் குடும்பப் பெயர் முதலிலும் சொந்தப் பெயர் பின்னாலும் வரும். நமக்கு முன்னால் இருப்பதோ இனிஷியல். அது அப்பா பெயரே தவிரக் குடும்பப் பெயர் அல்ல; நம் பிள்ளைக்கு அது மாறிவிடும். சீனர் மரியாதையாக அழைப்பது குடும்பப் பெயரோடு 'திரு' சேர்த்துத்தான். ஆகவே நீங்கள் அப்பா பெயரைச் சொன்னால் அன்றுமுதல் நீங்கள் அப்பாவின் பெயரால் திருவாளர் ஆகிவிடுவீர்கள். பேச்சோடு போனால் சிரித்துவிட்டுப் போகலாம். அதே நண்பர் ஒரு வியாபாரியை அறிமுகம் செய்து, அவர் மாதிரிச் சரக்கைத் தகப்பனார் பெயருக்கு அனுப்பினால், பட்டியலில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் ஒரு பெயர் என்றாகும். அதனால் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு 'ஜியாவ்4' ஒன்றே போதும் என்றேன். குடும்பப் பெயரைக் கேட்டால் 'மெய்2யோவ்3 ஸிங்4', அதாவது குடும்பப் பெயர் இல்லை என்று சொல்லிவிடலாம்.

ஐந்தாவது வாக்கியத்தில்தான் நம் தொழில் இருக்கிறது. 'மாய்4' என்றால் விற்பது. 'மாய்3' என்றால் வாங்குவது! எழுத்தொலி ஒன்றே, குரல் மட்டும் வேறு. தம்பி மூன்றாம் குரலில் இழுத்துச் சொன்னார். கேட்பவர் என்ன நினைப்பார்? எங்கள் வீட்டில் மளிகை வாங்குகிறோம் என்று. வேறு யாரிடம் சொன்னாலும் குற்றமில்லை. ஒரு சரக்கு வியாபாரியிடம் சொன்னால் அவர் உடனே விலைப்பட்டியலை எடுப்பார். வெட்டென்று விழுவது விற்பனை, தாழ்ந்து இழுப்பது கொள்முதல் என்று நினைவில் வைக்கலாம். இரண்டையும் சேர்த்து 'மாய்3மாய்' என்றால் வியாபாரம் என்றே பொருள். நம் 'கொடுக்கல் வாங்கல்' போன்ற சொல்தான்.

கைப்பேசியில் இதைத் தட்டும்போது ஆங்கில எழுத்தில் mai என்று அடித்தால் வாங்குவது, விற்பது இரண்டுக்கும் உரிய எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கும். குரல் எண் அங்கே தெரியாது. பார்த்துப் பொறுக்கவேண்டும். இன்று சீனாவில் வழங்கும் சுருக்க எழுத்தில், வாங்குவது என்ற எழுத்தின் தலையில் ஒரு கூட்டல் குறி போன்ற உருவம் ஏறினால் அது விற்பது. அந்தக் கூட்டல் குறி தனியாக நின்றால் சீனத்தில் பத்து என்ற எண். வாங்கியதன் மேல் பத்து வைத்தால் விற்பனை என்று நான் சொன்னதும் தம்பி, "இது நம்ம கடைக் கணக்கு மாதிரியே இருக்கே, பெரியப்பா" என்றார். எழுத்து உண்டான வரலாறு அதுவல்ல. ஞாபகத்துக்கு மட்டும் அப்படி வைத்துக்கொள்ளலாம்.

குரல் சரியாக விழுந்ததா என்று நமக்கே தெரியாது, நம் காது அதற்குப் பழகவில்லை. ஒரே வழி, நண்பரிடம் தாம் கேட்டதை எழுத்தில் திருப்பி அனுப்பச் சொல்வது. தலையில் பத்து இருந்தால் சரி. இல்லையென்றால் மறுபடி சொல்லவேண்டும். தம்பிக்கு ஐந்தாவது முறையில்தான் பத்து வந்தது.

இதே வம்பு பெயரிலும் இருக்கிறது. 'ஜியாவ்4' என்பது 'பெயர்' சொல்வது. ஏழாவது வாக்கியத்தில் வரும் 'ஜியாவ்1' கற்பிப்பது. முதல் குரலை உயரத்திலேயே நிறுத்தாமல் கீழே விட்டால் கற்பிப்பது அழைப்பதாகிவிடும்.

வாக்கிய அமைப்பில் நமக்கு ஒரு வசதியும் உண்டு. நான்காவது வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பாருங்கள்: நான், இடத்தில், சென்னை, வேலை. வேலை கடைசியில்தான் வருகிறது, தமிழைப் போலவே. ஆங்கிலத்தில் நினைத்து மொழிபெயர்ப்பவர்தான் வேலையை முன்னால் போட்டுச் சென்னையைக் கடைசியில் தள்ளுகிறார். ஆறாவது வாக்கியத்திலும் அப்படியே. தம்பி அங்கே 'ஷ்ர்4' என்ற சொல்லை நுழைத்திருந்தார். ஆங்கிலத்தில் 'இஸ்' இல்லாமல் வாக்கியம் நிற்காது என்ற பழக்கம். 'என் கடை சிறியது' என்று நாம் சொல்லும்போது 'இஸ்' எங்கே இருக்கிறது? தன்மையைச் சொல்லும்போது சீனத்திலும் அது வேண்டாம். ஆனால் இன்னார் என்று சொல்லும் மூன்றாவது வாக்கியத்தில் கட்டாயம் வேண்டும். அங்கே தமிழை நம்பி விட்டுவிடக்கூடாது. அதுபோல, எதை விற்கிறோம் என்பது வினைக்குப் பின்னால்தான் வரும்: 'மாய்4 ஸா2ஹ்வோ4', விற்கிறோம் மளிகை.

தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிப்பதற்கு ஓர் எல்லை உண்டு. நம் 'ப' ஒன்றுதான். சீனத்தில் மூச்சு விடாத 'ப', மூச்சுக் காற்றோடு வரும் 'ப' என்று இரண்டும் வேறு வேறு. 'பாவ்3' என்பதை மூச்சில்லாமல் சொன்னால் வயிறு நிறைந்தது. காற்றோடு சொன்னால் ஓடுவது. மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கும் மெல்லிய தாளை வாய்க்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தாள் ஆடினால் ஓடுகிறீர்கள், ஆடாவிட்டால் சாப்பிட்டுவிட்டீர்கள். 'தாய்4மீ3அர்3' என்பதில் முதல் எழுத்துக்குத் தாள் ஆடவேண்டும். எனவே இந்தப் பக்கத்தைப் பார்த்துப் படிப்பது முதல் நாளுக்குத்தான் உதவும். ஒலியை நண்பரின் வாயிலிருந்துதான் எடுக்கவேண்டும்.

விலை, எண்ணிக்கை பேச்சுக்கு இந்த அறிமுகம் போதாது. நான்கு 'ஸ4', பத்து 'ஷ்ர்2'. பல வட்டாரச் சீனர் வாயிலேயே இரண்டின் மெய்யொலியும் ஒன்றுபோல வரும். பதினான்கா நாற்பதா என்பதை இலக்கத்தில் எழுதியே வாங்கவேண்டும். சீனர்களும் ஒரு கையிலேயே ஒன்று முதல் பத்து வரை விரல் குறி காட்டுவார்கள். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசிய நம்மவருக்கு அது புதிதாகத் தெரியாது.

கடைசியாக மரியாதை. 'நீ3' என்றால் தமிழில் உள்ள அதே 'நீ'தான். ஒலியும் பொருளும் தற்செயலாக ஒத்துப்போகின்றன. ஆனால் எடை ஒன்றல்ல. சம வயதுடைய பெரியவர்கள் முதல் சந்திப்பிலேயே ஒருவரையொருவர் 'நீ3' என்பார்கள், அதில் குறைவில்லை. வயதில் மூத்தவரிடமும் வாடிக்கையாளரிடமும் 'நின்2' என்பார்கள். அது நம் 'நீங்கள்'. தம்பியின் நண்பர் முன்பின் அறியாத வயதானவர் என்றால் முதல் வாக்கியமே 'நின்2 ஹாவ்3' என்று மாறவேண்டும். நமக்கு வரும் அரை மணி நேரத்தில் முதல் பாடமாக இதையே மறுபக்கம் திருப்பிச் சொல்லிக்கொடுக்கச் சொன்னேன். இல்லையென்றால் அந்தச் சீனர் தம் மொழிப் பழக்கத்தில், தம்பியின் தகப்பனாரைப் பார்த்ததும் "நீ நல்லா இருக்கியா?" என்று கேட்டுவிடுவார்.