கோபமா, வெறும் பழக்கமா?

கேள்வி: சித்தூர் மாம்பழக்கூழ் ஆலையில் வேலை பார்க்கிறேன். சென்னை அலுவலகத்திலிருந்து ‘பெர் மை லாஸ்ட் இமெயில்’, ‘கைண்ட்லி நோட்’ என்றே மெயில் வருகிறது. கோபமாக இருக்கிறார்களா, சார்?

பதில்: ‘கைண்ட்லி நோட்’டுக்குப் பயப்படாதீர்கள். நம் ஊர் ஆபீஸ் கடிதங்களில் ஊறிய பழக்கம் அது, பெரும்பாலும் தகவல்தான். ‘பெர் மை லாஸ்ட் இமெயில்’ வேறு ரகம். ‘போன மெயிலைப் படிக்கவே இல்லையா?’ என்பதற்கு இஸ்திரி போட்ட வடிவம். சிசி-யில் திடீரென்று மேனேஜர் பெயர் முளைத்திருந்தால் கோபம் உறுதி.

நீண்ட மன்னிப்பு வேண்டாம். பழைய மெயிலைத் திறந்து, கேட்டதற்கு முதல் வரியிலேயே பதில் சொல்லுங்கள்: ‘தோத்தாபுரி கூழ் 40 டிரம், வியாழன் காலை லாரி ஏறும்.’ நீங்கள் நினைவூட்டும்போது கேள்வியை மறுபடி எழுதி, பதில் வேண்டிய தேதியையும் போடுங்கள். குத்தல் வேண்டாம், தேதி போதும்.