இரண்டு பந்து, நான்கு கிளை: ஆப்டிட்யூட் தேர்வில் மர வரைபடம் போடும் முறை

ஒரு பையில் 5 சிவப்புப் பந்துகளும் 3 நீலப் பந்துகளும் உள்ளன. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பந்துகள் எடுக்கப்படுகின்றன. முதலில் எடுத்த பந்து திரும்ப வைக்கப்படவில்லை. இரண்டும் வெவ்வேறு நிறத்தில் இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?

வங்கித் தேர்வுக்கோ கேம்பஸ் இன்டர்வியூவின் ஆப்டிட்யூட் சுற்றுக்கோ தயாராகிறவர்கள் இந்தக் கணக்கை ஏதாவது ஒரு வேடத்தில் சந்தித்திருப்பார்கள். விடைகளாக 15/28, 15/32, 15/56, 11/28 என்று கொடுத்துவிட்டால் நான்குமே சரி போலத் தெரியும். காரணம் இருக்கிறது. இதில் ஒன்றுதான் விடை. மற்ற மூன்றும் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் மூன்று பிழைகளின் விளைவு. தவறாகப் போட்டவருக்கும் தன் விடை பட்டியலில் இருப்பதால் சந்தேகமே வராது. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிக்கும் தேர்வில் இது இரட்டை நஷ்டம்.

மர வரைபடத்தை ஒழுங்காகப் போட்டால் இந்த மூன்று பிழைகளும் தாளிலேயே கண்ணில் பட்டுவிடும். அதற்கு ஒரே ஒரு பழக்கம் போதும்: பின்னத்தை எழுதுவதற்கு முன், பையில் இப்போது என்ன இருக்கிறது என்பதை எழுதுங்கள்.

படம் போடும் வரிசை

தாளின் இடது ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். பக்கத்தில் "5சி 3நீ" என்று பையின் இருப்பைக் குறியுங்கள். சிவப்புக்கு சி, நீலத்துக்கு நீ. புள்ளியிலிருந்து மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. மேல்கோட்டின் முனையில் சி, கீழ்க்கோட்டின் முனையில் நீ. நிகழ்தகவை முனையில் எழுதாமல் கோட்டின் மேலேயே எழுதுங்கள்: மேலே 5/8, கீழே 3/8. முனையில் நிறம், கோட்டில் பின்னம் என்று பிரித்து வைத்தால் பிறகு பெருக்கும்போது குழப்பம் வராது.

அடுத்ததுதான் பெரும்பாலானோர் தாவிச் செல்லும் இடம். மேல்முனைக்கு வந்தவர் ஒரு சிவப்பை எடுத்துவிட்டார். ஆகவே அந்த முனையில் "4சி 3நீ" என்று எழுதுங்கள். கீழ்முனைக்கு வந்தவர் ஒரு நீலத்தை எடுத்திருக்கிறார். அங்கே "5சி 2நீ". இரண்டு முனையிலும் மொத்தம் 7. இனிப் பின்னங்களை யோசிக்கவே வேண்டியதில்லை. மேல்முனையிலிருந்து பிரியும் இரு கோடுகளில் 4/7, 3/7. கீழ்முனையிலிருந்து பிரியும் இரு கோடுகளில் 5/7, 2/7.

கடைசியாக ஒவ்வொரு பாதையிலும் இடமிருந்து வலமாகப் பெருக்கி, வலது ஓரத்தில் எழுதுங்கள்.

```
(5சி 3நீ)
├─ சி 5/8 → (4சி 3நீ)
│    ├─ சி 4/7 → சிசி : 20/56
│    └─ நீ 3/7 → சிநீ : 15/56
└─ நீ 3/8 → (5சி 2நீ)
     ├─ சி 5/7 → நீசி : 15/56
     └─ நீ 2/7 → நீநீ : 6/56
```

இந்த வலது ஓரத்தில் பின்னங்களைச் சுருக்காதீர்கள். 20/56 என்பதை 5/14 ஆக்கிவிட்டால், அதை 15/56 உடன் கூட்ட மறுபடியும் 56-க்குத் திரும்ப வேண்டியிருக்கும். எல்லாம் 56-லேயே இருந்தால் மேல் எண்களைக் கூட்டினால் போதும். சுருக்குவது கடைசி வரியில் மட்டும்.

ஐந்து நொடிச் சோதனை

படம் முடிந்ததும் இரண்டு இடங்களில் கூட்டிப் பாருங்கள். ஒரே புள்ளியிலிருந்து பிரியும் கோடுகளின் கூட்டுத்தொகை 1 ஆக வேண்டும்: 4/7 + 3/7, 5/7 + 2/7. வலது ஓரத்தில் 20 + 15 + 15 + 6 = 56 வர வேண்டும்.

இனி அந்த நான்கு விடைகளுக்கு வருவோம். வெவ்வேறு நிறம் என்றால் சிநீ, நீசி என்ற இரண்டு பாதைகள். 15/56 + 15/56 = 30/56, அதாவது 15/28. இதுவே விடை.

15/56 எங்கிருந்து வந்தது? சிவப்பு முதலில், நீலம் அடுத்து என்ற ஒரு பாதையை மட்டும் எடுத்ததால். கேள்வி வரிசையைச் சொல்லவில்லை என்றால் இரு வரிசையும் சேரும். படத்தில் நீசி என்ற பாதை கண்முன் நிற்பதால் அதை விடுவது கடினம்.

15/32 எங்கிருந்து? இரண்டாவது எடுப்பிலும் 8-ஆல் வகுத்ததால். 15/64 + 15/64 = 30/64. பந்தைத் திரும்பப் போட்ட கணக்கு அது. முனையில் இருப்பை எழுதியவருக்கு 8 வர வழியே இல்லை.

11/28 கொஞ்சம் தந்திரமானது. கீழ் எண்ணை 7 ஆக்கிவிட்டு, மேலே எடுக்கப்போகும் நிறத்திலேயே ஒன்றைக் குறைத்தவர்களின் விடை இது. சிவப்பு எடுத்த பிறகு நீலத்துக்கு 2/7, நீலம் எடுத்த பிறகு சிவப்புக்கு 4/7 என்று போட்டிருப்பார்கள்: 10/56 + 12/56 = 22/56. குறைய வேண்டியது வெளியே போன பந்தின் நிறம்தான். ஜோடியைக் கூட்டிப் பார்த்தால் 4/7 + 2/7 என்று 6/7-லேயே நிற்கும். பிழை உடனே தெரிந்துவிடும்.

ஒரே படத்தில் மற்ற கேள்விகள்

ஒரு தகவலைக் கொடுத்துப் பல கேள்வி கேட்கும் பாணியில் மரம் தன் கூலியைத் திருப்பித் தரும். இரண்டும் ஒரே நிறம்: 20 + 6 = 26, ஆக 13/28. குறைந்தது ஒன்று நீலம்: சிசி தவிர எல்லாம், 56 - 20 = 36, ஆக 9/14. "குறைந்தது" என்ற சொல்லைப் பார்த்தால் வேண்டாத பாதையை 1-லிருந்து கழிப்பதே குறுக்குவழி.

"இரண்டு பந்துகள் ஒரே சமயத்தில் எடுக்கப்படுகின்றன" என்று கேள்வி வந்தால் பலர் மரத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். தேவையில்லை. கைக்குள் வந்த இரண்டில் ஒன்றை முதலாவது என்றும் மற்றதை இரண்டாவது என்றும் வைத்துக்கொண்டால் அதே மரம்தான். சேர்மானக் கணக்கில் சரிபார்க்கலாம்: இரண்டும் சிவப்பாக 5C2 / 8C2 = 10/28. மரம் தந்த 20/56-ம் அதுவே. நான்கைந்து பந்து எடுக்கச் சொன்னால் கிளைகள் பெருகிவிடும். அங்கே nCr வேகமானது. இரண்டு எடுப்பு வரை மரமே போதும்.

மூன்று நிறம் வந்தால் ஒன்பது கிளையும் போட வேண்டுமா? கேள்வி ஒரு நிறத்தைப் பற்றியே என்றால் வேண்டாம். 4 சிவப்பு, 3 நீலம், 2 பச்சை உள்ள பையில் "குறைந்தது ஒன்று சிவப்பு" என்று கேட்டால், சிவப்பு 4, சிவப்பு அல்லாதது 5 என்று இரண்டே கிளையாக்குங்கள். இரண்டும் சிவப்பு அல்லாதவை: 5/9 × 4/8 = 20/72. கழித்தால் 52/72, அதாவது 13/18. ஆனால் "இரண்டும் ஒரே நிறம்" என்று கேட்டால் நீலத்தையும் பச்சையையும் ஒன்றாகக் கட்ட முடியாது. அப்போது சிசி, நீநீ, பப என்ற மூன்று பாதைகளை மட்டும் வரைந்தால் போதும்: 12 + 6 + 2 = 20, ஆக 20/72 = 5/18.

இன்டர்வியூவில் வரும் இரண்டு கேள்விகள்

டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு நேர்முகத்துக்குப் போகிறவர்கள் இந்த இரண்டையும் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

முதல் கேள்வி: இரண்டாவது பந்து நீலமாக இருப்பதற்கான நிகழ்தகவு? முதலில் என்ன வந்தது என்று சொல்லப்படவில்லை. நீலத்தில் முடியும் பாதைகள் சிநீ, நீநீ. 15 + 6 = 21, 21/56 = 3/8. முதல் பந்து நீலமாக இருப்பதற்கும் அதே 3/8 தான். பந்து குறைந்த பிறகும் மாறவில்லையே என்று திகைக்க வேண்டாம். முதல் பந்தின் நிறம் தெரியாதவரை, எட்டுப் பந்துகளில் எதுவும் இரண்டாவதாக வர சம வாய்ப்பு உள்ளது; அவற்றில் மூன்று நீலம்.

இரண்டாவது கேள்வி: இரண்டாவது பந்து நீலம் என்று தெரிந்துவிட்டது. முதல் பந்து சிவப்பாக இருந்திருக்க நிகழ்தகவு? இதற்குப் பேயீஸ் சூத்திரத்தை நினைவிலிருந்து தோண்ட வேண்டாம். சிவப்பில் முடியும் இரு பாதைகளையும் பேனாவால் அடித்துவிடுங்கள். மிஞ்சியவை 15, 6. மொத்தம் 21. அதில் சிவப்பில் தொடங்கியது 15. விடை 15/21 = 5/7. நிபந்தனை வந்தால் நடக்காத கிளையை வெட்டி, மிஞ்சியதை மொத்தமாகக் கொள்வது என்பதே இதன் சூட்சுமம். நேர்முகத்தில் இதைப் படம் போட்டபடியே வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்று கேட்பவருக்கும் தெரியும்.

பந்து இல்லாத பை

தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு வேலைக்குப் போகிறவருக்குப் பந்து, பாகமாக மாறும். ஒரு பெட்டியில் 20 பாகங்கள், அதில் 2 பழுது. ஆய்வாளர் இரண்டை எடுத்துப் பார்க்கிறார். இரண்டும் நன்றாக இருந்தால் பெட்டியை அனுப்பிவிடுவார். எடுத்ததைத் திரும்பப் போடுவதில்லை, ஆகவே அதே மரம்: 18/20 × 17/19 = 306/380, ஏறத்தாழ 0.81. பத்தில் ஒரு பங்கு பழுதுள்ள பெட்டியும் பத்துக்கு எட்டு முறை இந்தச் சோதனையைத் தாண்டிப் போய்விடும். இரண்டு மாதிரி போதுமா என்ற கேள்விக்கு இந்த எண்ணே பதில்.

ஒரு எல்லையும் உண்டு. பை பெரிதானால் திரும்ப வைத்தாலும் வைக்காவிட்டாலும் வித்தியாசம் மறைந்துவிடும். 5 சிவப்பு, 3 நீலத்தில் இரண்டும் சிவப்பு 0.357, திரும்ப வைத்தால் 0.391. அதே விகிதத்தில் 500 சிவப்பு, 300 நீலம் என்றால் 0.3903, 0.3906. ஆயிரக்கணக்கான பொருட்களிலிருந்து இரண்டை எடுக்கும் நடைமுறை வேலையில் ஒன்றைக் குறைக்காவிட்டாலும் பாதகமில்லை. தேர்வுத் தாளில் பை சிறியதாகவே இருக்கும். அங்கே குறைக்காவிட்டால் மதிப்பெண் போகும்.

இன்றே ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பையில் 6 கறுப்பு, 4 வெள்ளை. இரண்டு எடுப்பு, திரும்ப வைப்பதில்லை. வலது ஓரத்தில் மேலிருந்து 30, 24, 24, 12 என்று வந்து மொத்தம் 90 ஆனால் படம் சரி. குறைந்தது ஒன்று வெள்ளை என்பதற்கு விடை 2/3. வேறு எண் வந்தால் முனைகளில் எழுதிய இருப்பை முதலில் சரிபாருங்கள். பிழை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.