அரை நிமிஷ ரீல்ஸுக்கு ஆறு குறிப்புகள்

பொள்ளாச்சிப் பக்கம் வீட்டிலிருந்தே செக்குத் தேங்காய் எண்ணெய் விற்பவர்களுக்கு மார்கழியில் ஒரே புகார்தான் வரும்: "எண்ணெய் கட்டியாயிருச்சுங்க, கலப்படமா?" அதற்கான பதிலையே 30 விநாடி வீடியோவாக்குவது எப்படி என்று பார்ப்போம்.

1. கடைசி வரியை முதலில் எழுதுங்கள். பார்ப்பவர் முடிவில் என்ன செய்ய வேண்டும்? வாட்ஸ்அப்பில் கேட்க வேண்டும், அவ்வளவுதான். இது முடிவானால் எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்பது தானே தெரிந்துவிடும்.

2. நிதானமாகப் பேசினால் 30 விநாடிக்கு 50 சொல் வரை கொள்ளும். எழுதியதை எண்ணிவிட்டு, செல்போன் ஸ்டாப்வாட்சை வைத்து வாய்விட்டுப் படியுங்கள். மனசுக்குள் படித்தால் நேரம் குறைவாகவே காட்டும்.

3. "வணக்கம், நான்…" என்று தொடங்கினால் ஆள் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார். முதல் காட்சியிலேயே பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. அதனால் முதல் வரியைத் திரையிலும் பெரிதாகப் போடுங்கள்.

4. நடுவில் ஒரே சேதி போதும். செக்கு, கொப்பரை, தலைமுடி, விலை என்று எல்லாவற்றையும் திணித்தால் ஒன்றும் நிற்காது. "உறைந்தால்தான் சுத்தம்" என்றும் சொல்லிவிடாதீர்கள். பாமாயிலும் குளிரில் உறையும். விவரம் தெரிந்தவர் உடனே மடக்கிவிடுவார்.

5. முடிவில் ஒரே வேலை கொடுங்கள். லைக், ஷேர், ஃபாலோ, ஆர்டர் என்று நான்கையும் அடுக்கினால் ஒன்றையும் செய்ய மாட்டார்கள். முழு ஸ்கிரிப்ட் இப்படி வரலாம்:

முதல் 5 விநாடி: "கவுத்தாலும் எண்ணெய் விழ மாட்டேங்குது பாருங்க! கெட்டுப்போச்சுன்னு நினைக்கறீங்களா?"

அடுத்த 18 விநாடி: "இல்லீங்க. தேங்காய் எண்ணெய்க்கு இருபத்துநாலு டிகிரிக்குக் கீழ போனாலே உறையற குணம். மார்கழிக் காலைல நம்ம பொள்ளாச்சியில குளிர் அதுக்கும் கீழ போகுதுங்க. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணியில பத்து நிமிஷம் நிக்க வைங்க. பழையபடி இளகிரும்."

கடைசி 7 விநாடி: "செக்கு எண்ணெய் வேணுங்கறவங்க, கீழே தெரியற நம்பருக்கு வாட்ஸ்அப்ல 'எண்ணெய்'னு மட்டும் அனுப்புங்க."

மொத்தம் 43 சொல்தான். மிச்ச நேரம் பாட்டிலைத் தண்ணீரில் இறக்கிக் காட்டுவதற்கு.

6. வெளியிடும் முன், எண்ணெய் வியாபாரமே தெரியாத பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரே ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். "என்ன சொன்னேனுங்க அக்கா?" என்று கேளுங்கள். "குளிருக்கு உறையுமாம், சுடுதண்ணியில வெச்சா இளகுமாம்" என்றால் வீடியோ சரி. "நல்லா பேசுன கண்ணு" என்று மட்டும் சொன்னால், நடுப்பகுதியைத் திருத்தி எழுதுங்கள்.